பிரிண்ட் கறுத்து வருகிறதா? கேமராவையும் வெள்ளைத்தாளையும் வைத்து மானிட்டரைச் சரிசெய்யும் வழி

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் ஸ்டூடியோ. கல்யாண ஆல்பம்தான் முக்கிய வேலை. மாங்காய் சீசனில் தோட்டக்காரர்களுக்கும் மண்டிக்காரர்களுக்கும் பழங்களைப் படமெடுத்துக் கொடுப்பதும் உண்டு. ஒரு தை மாதக் கல்யாண ஆல்பம் லேபிலிருந்து வந்தபோது, பெண்ணின் அம்மா மூன்று பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, மண்டபத்துல கரண்ட் இல்லாத மாதிரி இருக்குது? அரக்குப் பட்டுல ஜரிகையே தெரியலையே."

அவர் சொன்னது சரிதான். என் மானிட்டரில் அதே படத்தைத் திறந்தால் ஜரிகையின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது, பிரிண்டில் புடவை கறுப்புத் திட்டாகக் கிடந்தது. முதலில் லேபைத்தான் சந்தேகப்பட்டேன். வேறொரு லேபில் ஒரு படத்தைப் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் அதே கறுப்பு. அப்புறம்தான் மானிட்டரைப் பார்க்கத் தோன்றியது.

மானிட்டர் அளவுக்கு மேல் பிரகாசமாக இருந்தால் எடிட் செய்கிறவர் படத்தைத் தன்னையறியாமல் இருட்டாக்கிவிடுவார். முகம் கண்ணைக் கூசுகிறதே என்று எக்ஸ்போஷரைக் குறைப்பார், நிழல்களை இழுத்துவிடுவார். திரையில் படம் அழகாகிவிடும். ஆனால் காகிதத்துக்குப் பின்னால் விளக்கு கிடையாது, அறையின் வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருவது மட்டும்தான் அதன் வேலை. அதனால் திரையில் சரியாக இருந்தது தாளில் கறுத்துவிடுகிறது. புதிதாக எடிட்டிங்குக்கு வருகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது இதில்தான். நிறத்தைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம். முதலில் வெளிச்சத்தை ஒழுங்குபடுத்துவோம். அதற்கு உங்களிடம் இருக்கும் கேமராவும், லேபிலிருந்து வந்த ஒரு பழைய பிரிண்டும் போதும்.

முதலில் அறை, அப்புறம் மெனு

மானிட்டரை ஆன் செய்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பின்விளக்கு நிலைக்கு வர அந்த நேரம் தேவை. காலையில் கடையைத் திறந்த கையோடு எடுக்கும் அளவு நம்பத்தக்கதல்ல.

ஷட்டர் கடையாக இருந்தால் தெருவெளிச்சம் நேரே திரையில் விழும். எங்கள் கடை மேற்குப் பார்த்தது, மதியம் மூன்று மணிக்கு மேல் வெயில் மேசை வரை வந்துவிடும். வெயில் ஏறும்போது கண் திரையைக் கூட்டச் சொல்லும், இறங்கும்போது குறைக்கச் சொல்லும். அதனால் மேசையை உள்சுவர் பக்கம் தள்ளி, திரை தெருவைப் பார்க்காதபடி திருப்பினேன். சுவர் அடர்பச்சை, அடர்ரோஸ் என்று இருந்தால் அந்த நிறம் மேசைமேலும் பிரிண்ட்மேலும் எதிரொளிக்கும். மானிட்டருக்குப் பின்னால் தெரியும் பகுதியையாவது வெள்ளையோ சாம்பலோ ஆக்கிவிடுங்கள். டெஸ்க்டாப் வால்பேப்பரும் வெறும் சாம்பல் நிறமாக இருக்கட்டும்.

பிறகு, திரையைத் தானாக மாற்றும் வசதிகள் எல்லாவற்றையும் அணையுங்கள். மானிட்டரின் மெனுவில் Dynamic Contrast, DCR, Eco என்று இருப்பவை, விண்டோஸில் Night light, HDR, லேப்டாப்பாக இருந்தால் பேட்டரியை மிச்சப்படுத்தத் திரையை மங்கவைக்கும் வசதி. இவற்றில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தாலும் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும், நீங்கள் எடுக்கும் அளவுக்குப் பொருளே இருக்காது. பிக்சர் மோடை Standard அல்லது User என்பதில் வையுங்கள். Movie, Game, Vivid எதுவும் வேண்டாம். sRGB என்று ஒரு மோடு இருந்து, அதில் பிரைட்னஸை மாற்ற விட்டால் அதையே எடுத்துக்கொள்ளலாம். பல மானிட்டர்களில் அந்த மோடுக்குள் போனால் பிரைட்னஸ் பூட்டிக்கொள்ளும். அப்படியானால் User தான் வழி.

கேமராவால் பிரைட்னஸை அளப்பது

திரையின் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்று சொல்வார்கள். பிரிண்டுக்காகப் படம் திருத்துகிறவர்கள் வழக்கமாக 80 முதல் 120 வரை வைத்துக்கொள்கிறார்கள். பெட்டியிலிருந்து எடுத்த மானிட்டர் பெரும்பாலும் 250, 300 என்று எரியும். இதை அளக்கத் தனிக் கருவி விற்கிறது. ஆனால் கேமராவுக்குள் இருக்கும் லைட்மீட்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது, தன் கணக்கை ஷட்டர் வேகமாகச் சொல்கிறது, அவ்வளவுதான்.

பெயிண்டில் முழு வெள்ளைப் படம் ஒன்றை உண்டாக்கித் திரை முழுக்கத் திறந்துகொள்ளுங்கள். கேமராவை அப்பர்ச்சர் மோடில் வைத்து f/5.6, ISO 100 என்று அமையுங்கள். ஆட்டோ ISO அணைந்திருக்க வேண்டும், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். மீட்டரிங்கை ஸ்பாட்டுக்கு மாற்றுங்கள். மேட்ரிக்ஸ் மீட்டரிங் தன் போக்கில் கூட்டிக் குறைக்கும், அது இந்த வேலைக்கு ஆகாது. லென்ஸை மேனுவல் ஃபோகஸில் போட்டுத் திரை மங்கலாகத் தெரியும்படி விட்டுவிடுங்கள், பிக்சல் கட்டங்கள் மீட்டரைக் குழப்பாமல் இருக்கும். வெள்ளை மட்டுமே சட்டத்தை நிறைக்கும்படி திரையின் நடுவை நேராக நோக்கி, பட்டனைப் பாதி அழுத்தி ஷட்டர் வேகத்தைப் படியுங்கள்.

இப்போது கணக்கு சுலபம். மீட்டர்களின் பொதுவான சூத்திரத்தில் இந்த f/5.6, ISO 100 இரண்டையும் போட்டால் மிஞ்சுவது இவ்வளவுதான்:

```
வெளிச்சம் = 4 × ஷட்டர் எண்
```

ஷட்டர் 1/25 என்றால் 4 × 25 = 100. 1/30 என்றால் 120. 1/20 என்றால் 80. நமக்கு வேண்டியது இந்த மூன்றுக்குள் ஒன்று. அன்றைக்கு என் மானிட்டர் காட்டியது 1/80, அதாவது 320. மெனுவில் பிரைட்னஸ் 90-இல் இருந்தது. இரண்டு வருடமாக அதில்தான் ஆல்பம் செய்துகொண்டிருந்தேன்.

கேமராவுக்குக் கேமரா மீட்டரில் சிறு வித்தியாசம் உண்டு, லென்ஸும் கொஞ்சம் வெளிச்சத்தை விழுங்கும். மூன்றில் ஒரு ஸ்டாப் வரை தவறலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 1/25 என்று படித்தது உண்மையில் 80 ஆகவும் இருக்கலாம், 125 ஆகவும் இருக்கலாம். இந்த வேலைக்கு அது பரவாயில்லை. நாம் பிடிக்க வந்தது 320-ஐ.

அதே கேமராவால் தாளையும் அளந்து பாருங்கள்

திரைக்குக் குறி 100 என்று வைத்துவிட்டால் வேலை முடிந்ததா என்றால், இல்லை. பிரிண்டைப் பார்க்கும் வெளிச்சமும் அதற்கு இணையாக இருந்தால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்.

லேப் பிரிண்டின் வெள்ளை ஓரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது எதுவும் அச்சிடாத அதே தாளின் துண்டு ஒன்றை. ஜெராக்ஸ் தாள் வேண்டாம். அதில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் சில விளக்குகளில் நீலம் காட்டும். நீங்கள் வழக்கமாகப் பிரிண்டைப் பிடித்துப் பார்க்கும் இடத்தில் தாளை வையுங்கள். பளபளப்பு கேமராவுக்குள் அடிக்காதபடி கொஞ்சம் சாய்த்து, உங்கள் நிழலும் விழாமல், அதே f/5.6, ISO 100-இல் அளந்து பாருங்கள்.

என் மேசையில் தாள் 1/13 காட்டியது, அதாவது 52. திரை 320, தாள் 52. ஆறு மடங்கு வித்தியாசம்! ஜரிகை எங்கே போனது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் திரையை 52-க்கு இறக்கிவிட வேண்டாம். அவ்வளவு மங்கலில் நிழல் பகுதி கண்ணுக்குப் பிடிபடாது, இந்த முறை எல்லாப் படத்தையும் அளவுக்கு மீறி வெளுக்க வைத்துவிடுவீர்கள். தாளின் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். மேசைக்கு நேர்மேலே இன்னொரு எல்ஈடி டியூப்லைட் போட்டேன். பெட்டியில் 6500K என்றும் கூல் டேலைட் என்றும் போட்டிருக்குமே, அந்த வகை. தாள் 1/20-க்கு ஏறியது. அடுத்து மானிட்டரின் பிரைட்னஸைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து, 1/25 வந்ததும் நிறுத்தினேன். மெனுவில் எண் 22. திரை தாளைவிட மூன்றில் ஒரு ஸ்டாப் கூடுதல், அது நல்ல இடம்தான்.

முதல் நாள் திரை அழுது வடிவதுபோல் தெரியும். உடனே கூட்டிவிடாதீர்கள். இரண்டு நாள் போனால் கண் பழகிவிடும்.

இப்போது முக்கியமான சோதனை. பழைய படத்தை எதுவும் மாற்றாமல் அப்படியே திறந்து, பிரிண்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். நான் அந்தக் கல்யாணப் படத்தைத் திறந்தபோது திரையிலும் புடவை கறுத்திருந்தது, ஜரிகை மங்கியிருந்தது. பார்க்க வருத்தமாக இருந்தாலும் மானிட்டர் சரியாகிவிட்டது என்பதற்கு அடையாளம் அதுதான். பிரிண்டில் இருக்கும் குறை திரையிலும் தெரிய வேண்டும். ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் குவியல் முழுவதும் இடப்பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. மானிட்டரை எப்படி வைத்தாலும் ஹிஸ்டோகிராம் மாறாது, கோப்பில் இருக்கும் எண்களைத்தான் அது காட்டும். கண்ணோடு அதையும் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

கறுப்பின் முனையும் வெள்ளையின் முனையும்

மானிட்டர் மெனுவில் இருக்கும் கான்ட்ராஸ்ட்டைப் பெரும்பாலும் தொட வேண்டியதில்லை, கம்பெனி வைத்த எண்ணே சரியாக இருக்கும். ஆனாலும் ஒரு முறை சோதித்துவிடுவது நல்லது. போட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ முழுக் கறுப்புப் படம் ஒன்றை உண்டாக்கி, அதில் நான்கு சதுரங்கள் வரையுங்கள். மூன்று நிற எண்களும் முதல் சதுரத்தில் 5, அடுத்ததில் 10, பிறகு 15, 20. இன்னொரு படம் முழு வெள்ளை, அதில் 250, 245, 240 என்று மூன்று சதுரங்கள். இரண்டையும் PNG ஆகச் சேமியுங்கள்.

கறுப்புப் படத்தில் 15 தெளிவாகவும் 10 லேசாகவும் தெரிய வேண்டும். 5 தெரிவதற்கு விளக்கை அணைத்து உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். வெள்ளைப் படத்தில் 250 நூலிழையாகத் தெரிந்தால் போதும். அது மறைந்து 245-உம் மறைந்தால் கான்ட்ராஸ்ட் அதிகம். தெரியும்வரை குறையுங்கள். பட்டு வேட்டியின் மடிப்பும் முத்துமாலையின் வெள்ளையும் இந்த எண்களில்தான் இருக்கின்றன.

இருபுறமும் சதுரங்கள் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போனால் கான்ட்ராஸ்ட்டைத் திருகாதீர்கள். தவறு வேறிடத்தில். எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டிய மானிட்டர் சில நேரம் தன்னை டிவி என்று நினைத்துக்கொள்ளும். டிவியின் கணக்கில் 16 தான் கறுப்பு, 235 தான் வெள்ளை. கம்ப்யூட்டர் 0 முதல் 255 வரை அனுப்பி, மானிட்டர் 16 முதல் 235 வரை மட்டும் எதிர்பார்த்தால் இரண்டு முனையும் வெட்டுப்படும். இதுவே தலைகீழாக நடந்தால் கறுப்பு சாம்பல் பூசியதுபோல் வெளிறித் தெரியும். கிராபிக்ஸ் கார்டின் செட்டிங்கில் Output dynamic range அல்லது Quantization range என்று இருப்பதை Full ஆக்குங்கள், மானிட்டர் மெனுவிலும் HDMI Range, Black Level என்று ஏதாவது இருந்தால் அதையும் ஒத்துப்போகச் செய்யுங்கள். தர்மபுரியில் ஒரு நண்பர் ஒகேனக்கல் படங்களில் பாறையெல்லாம் தார் ஊற்றியதுபோல் இருக்கிறது என்று போட்டோஷாப்பில் மணிக்கணக்காகப் போராடிக்கொண்டிருந்தார். நான் போய் இந்தச் சதுரங்களைத் திறந்து காட்டினேன். 15 வரை எதுவுமே தெரியவில்லை. அந்த ஒரு செட்டிங்கை மாற்றியதும் பாறையின் கோடுகள் திரும்பி வந்தன.

காமா

முனைகள் சரியானாலும் நடுச்சாயல் தவறியிருக்கலாம், அதைச் சொல்வது காமா. நமக்கு வேண்டியது 2.2. ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று படுக்கைக்கோடுகள் மாறி மாறி வரும் படம் ஒன்றைச் செய்து, அதன் நடுவே 186 என்ற சாம்பல் சதுரத்தை வையுங்கள். நூறு சதவீத அளவில் திறந்து, எட்டடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். சதுரம் கோடுகளோடு கலந்துபோனால் காமா சரி. சதுரம் வெளுத்துத் தெரிந்தால் காமா குறைவு, கறுத்துத் தெரிந்தால் அதிகம். மானிட்டர் மெனுவில் காமா இருந்தால் அதில் மாற்றுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் தேடலில் இதைத் தட்டுங்கள்:

```
dccw
```

அதில் காமா பக்கத்தை மட்டும் பயன்படுத்திக்கொண்டு, பிரைட்னஸ் கான்ட்ராஸ்ட் பக்கங்களைத் தாண்டிவிடுங்கள். அவற்றை நாம் ஏற்கனவே அளந்தே வைத்துவிட்டோம்.

தலையை மேலும் கீழும் அசைத்தால் சதுரம் வெளுப்பதும் கறுப்பதுமாக இருந்தால் அது டிஎன் வகைத் திரை. பழைய லேப்டாப்புகளில் அதிகம். அதில் எந்த அமைப்பும் நிற்காது, நாற்காலியின் உயரம் மாறினாலே படம் மாறிவிடும். பிரிண்ட் வேலைக்கு ஐபிஎஸ் மானிட்டர் ஒன்றைத் தனியாக மாட்டிக்கொள்வதுதான் நல்லது.

நிறம்

நிறத்தில் கேமராவை நம்ப வேண்டாம். எல்ஈடி பின்விளக்கையும் டியூப்லைட்டில் இருக்கும் தாளையும் நம் கண் பார்ப்பதுபோல் கேமராவின் சென்சார் பார்ப்பதில்லை. கண்ணுக்கு ஒரே வெள்ளையாகத் தெரியும் இரண்டும் படத்தில் வெவ்வேறாகப் பதியும். இங்கே கண்தான் கருவி. அதனாலேயே துல்லியமும் குறைவு.

மானிட்டர் மெனுவில் கலர் டெம்பரேச்சரை 6500K என்று வையுங்கள். எண் இல்லாமல் Cool, Normal, Warm என்று மட்டும் இருந்தால் Normal, Warm இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். Cool பெரும்பாலும் நீலமாக இருக்கும். மாற்றியவுடனே முடிவுசெய்யக்கூடாது. கண் எந்த வெள்ளைக்கும் பழகிக்கொள்ளும், பத்து நிமிடம் கொடுங்கள். பிறகு திரையில் வெள்ளைப் படத்தைத் திறந்து, பக்கத்தில் 6500K டியூப்லைட் வெளிச்சத்தில் அந்தத் தாளைப் பிடித்து, இரண்டையும் ஒரே பார்வையில் பாருங்கள். திரை நீலமாகத் தெரிந்தால் User மோடில் Blue-ஐ இரண்டிரண்டு எண்ணாகக் குறையுங்கள். பச்சை அடித்தால் Green-ஐ. எதையும் கூட்ட வேண்டாம், கூட்டினால் வெள்ளையின் முனை வெட்டுப்படும். எனக்கு Blue 94, Green 98, Red 100 என்று வந்து நின்றது. உங்கள் மானிட்டருக்கு இந்த எண்கள் பொருந்தாது, ஒரே மாடலாக இருந்தாலும் பொருந்தாது. இதே காரணத்தால்தான் வேறொருவர் தன் மானிட்டருக்குச் செய்த கலர் ப்ரொஃபைலை இறக்கிப் போடுவதும் வேண்டாம்.

நிறத்தை மாற்றியதும் வெளிச்சமும் கொஞ்சம் இறங்கியிருக்கும். கேமராவை எடுத்து மறுபடி ஒரு முறை 1/25 வருகிறதா என்று பாருங்கள்.

சரிபார்க்க ஒரு கறுப்புவெள்ளைப் படத்தைத் திறப்பது வழக்கம். எங்கேயும் சாயம் தெரியக்கூடாது. நிழலில் மட்டும் லேசாகச் சிவப்போ பச்சையோ தெரிந்தால், மெனுவால் அதைத் தீர்க்க முடியாது. விட்டுவிடுங்கள். நிழலைத் திருத்தப்போய் முகத்தின் நிறத்தைக் கெடுத்துக்கொள்வோம்.

எனக்குக் கடினமான சோதனை செந்தூரா மாம்பழம். தோள்பட்டையில் சிவப்பு, கீழே இறங்க இறங்க மஞ்சள், இரண்டுக்கும் இடையே பச்சை ஓடும் ஒரு பகுதி. முன்பு என் திரை நீலமாக இருந்ததால் அதை ஈடுகட்ட நான் படத்தில் மஞ்சளை ஏற்றிவிடுவேன். பிரிண்டில் பழம் மஞ்சள்தூளில் புரட்டியதுபோல் வந்தது. இப்போது படத்தையும் பிரிண்டையும் பக்கத்தில் வைத்தால் அந்த இடைப்பச்சை இரண்டிலும் தெரிகிறது. சிவப்பு இன்றும் முழுதாக ஒத்துவரவில்லை. காகிதம் தரக்கூடிய சிவப்பும் திரை தரும் சிவப்பும் ஒன்றல்ல, மானிட்டரை எப்படி வைத்தாலும் அது ஒன்றாகாது.

ஒரு சோதனை பிரிண்ட்

கடைசியாக, மூன்று படங்களை 4×6 அளவில் லேபுக்கு அனுப்புங்கள். ஒன்று அடர்நிறப் புடவை, ஒன்று வெள்ளை வேட்டி, ஒன்று நெருங்கிய முகம். sRGB-யில் சேமித்து, லேபில் ஆட்டோ கரெக்ஷன் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் மெஷின் திருத்திவிட்டால் உங்கள் மானிட்டர் எப்படி இருக்கிறது என்பதே தெரியாது. அந்தக் கல்யாணப் படத்தில் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்றி, நிழலைக் கொஞ்சம் திறந்து அனுப்பினேன். ஜரிகை வந்தது. ஆல்பத்தில் கறுத்திருந்த பக்கங்களை என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

பிரிண்ட் மூன்றும் திரையைவிடக் கறுப்பாக இருந்தால் பிரைட்னஸை மூன்றில் ஒரு ஸ்டாப் இறக்குங்கள், வெளுப்பாக இருந்தால் ஏற்றுங்கள். மூன்றில் ஒன்று மட்டும் தவறினால் மானிட்டரைத் தொடாதீர்கள், அந்தப் படத்தின் எடிட்டிங்கில்தான் ஏதோ இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி மானிட்டரின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள்: பிக்சர் மோடு, பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், மூன்று நிற எண்கள், திரைக்கும் தாளுக்கும் வந்த ஷட்டர் வேகம், தேதி. கடையில் யாராவது பட்டனை அழுத்திவிட்டாலும் இரண்டு நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். மாதம் ஒரு முறை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே லென்ஸில் அளந்து பாருங்கள். பின்விளக்கு வருடக்கணக்கில் மெல்ல மங்கும். என் திரையில் 22 இப்போது 26 ஆகியிருக்கிறது.